விளக்கு அணைவதற்கு முன் ஒரு நிமிடம்

ஒரே படத்தை ஒரே மண்டபத்தில் இரண்டு முறை அறிமுகப்படுத்தியிருக்கிறேன். படம் பாலு மகேந்திராவின் ‘வீடு’. மண்டபம், நான் சிவில் பொறியியல் படித்த உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடம். முதல் முறை இறுதியாண்டு மாணவனாக இருந்தபோது ஆறு நிமிடம் பேசினேன். வேலைக்குப் போய் நான்கு ஆண்டுகள் கழித்து, மாணவர் சங்கத்துத் தம்பிகள் மறுபடியும் கூப்பிட்டபோது ஒரு நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டேன். நடுவில் என்ன நடந்தது என்பதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். படம் போடுவதற்கு முன் பேசப்படும் அந்தச் சில வார்த்தைகளும் ஒரு வகை விமர்சனம்தான் என்று நினைக்கிறேன். பார்வையாளர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர்களை வந்தடையும் விமர்சனம். அது தப்பாகப் போனால் திருத்திக்கொள்ள அடுத்த இதழ் கிடையாது. விளக்கை அணைத்துவிடுவார்கள்.

முதல் முறை பேசியதைச் சொல்கிறேன். கையில் மூன்று பக்கக் குறிப்பு வைத்திருந்தேன். பாலு மகேந்திரா 1939ல் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழியில் பிறந்தவர், பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர், ஒளிப்பதிவாளராக மலையாளத்தில் ‘நெல்லு’ செய்தவர், 1977ல் கன்னடத்தில் ‘கோகிலா’ மூலம் இயக்குநரானவர் என்று தொடங்கினேன். ‘வீடு’ தேசிய விருது பெற்றது, கதாநாயகி அர்ச்சனாவுக்கும் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது என்றேன். படத்தில் பாடல்கள் இல்லை, இளையராஜா ஏற்கெனவே வெளியிட்டிருந்த ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துப் பின்னணியில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றேன். கடைசியாக, இது நடுத்தர வர்க்கத்தின் வலியைப் பேசும் ஒரு மகத்தான படைப்பு என்று முடித்தேன். நான் சொன்னதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. கைதட்டினார்கள். விளக்கு அணைந்தது.

படம் ஓடி அரை மணி நேரம் ஆகியிருக்கும். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சுதா என்ற அந்தப் பெண் தன் தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு வேறு வீடு தேடுகிறாள். கேட்கும் முன்பணமும் வாடகையும் கட்டுப்படியாகவில்லை. அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவர், சொந்தமாகவே கட்டிவிடலாமே என்கிறார். சுதா கணக்குப் போட ஆரம்பிக்கிறாள். கடன், பிளான், அனுமதி, கட்டித்தர ஓர் ஆள். அப்போது பின்வரிசையில் ஒரு குரல், அடக்கமாகக்கூட இல்லை, சத்தமாகவே கேட்டது: “ஏன்லா இவ்வளவு கஷ்டம்? டெவலப்பர்கிட்ட ஒரு டபுள் ஸ்டோரி புக் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்குப் பிறகு படம் திரையில் ஓடியது, மண்டபத்தில் ஓடவில்லை. சுதா எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அவர்களுக்கு வேண்டாத பிடிவாதமாகத் தெரிந்தது. பாதியில் இருபது பேருக்குமேல் எழுந்து போனார்கள்.

அந்தப் பையன் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. நம்ம பிள்ளைங்களுக்கு ரசனையே இல்லை என்று நண்பர்களிடம் புலம்பியிருக்கிறேன். பிறகுதான் புரிந்தது. அந்தக் கூட்டத்தில் படத்தைப் பற்றி உருப்படியான கேள்வி கேட்டவன் அவன் ஒருவன்தான். அதற்குரிய பதிலைப் படம் தொடங்குவதற்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். ஆறு நிமிடம் கையில் இருந்தது, சொல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள். மலேசியாவில் பட்டணத்தில் வளர்ந்த ஒருவனுக்கு வீடு என்றால் என்ன? தாமான். ஒரே மாதிரி வரிசையாக நிற்கும் இருபதுக்கு எழுபது வீடுகள். ஷோ ஹவுஸ் போய்ப் பார்க்கிறோம். பத்து விழுக்காடு முன்பணம், வங்கிக் கடன், வழக்கறிஞர் அலுவலகத்தில் கையெழுத்து. தரைவீடு என்றால் 24 மாதத்தில் சாவி தர வேண்டும் என்று சட்டப்படியான ஒப்பந்தமே இருக்கிறது. செங்கல்லை நாம் பார்ப்பதில்லை. எத்தனை மூட்டை சிமெண்டு போனது என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வீடு நமக்கு வாங்குகிற பொருள்.

‘வீடு’ படத்தின் சென்னையில் கதை வேறு. அங்கே அப்போதும் வீட்டுவசதி வாரியம் இருந்தது, அடுக்குமாடிகளும் வரத் தொடங்கியிருந்தன. ஆனாலும் புறநகரில் ஒரு மனையை வைத்துக்கொண்டு, கையில் உள்ளதையும் கடன் வாங்கியதையும் போட்டுத் தானே கட்டுவதுதான் அந்த வர்க்கத்துக்குத் தெரிந்த வழி. கட்டித்தருகிற ஆளை அவர்களே பிடிக்க வேண்டும். மணல் வந்ததா, கம்பி வந்ததா, இன்றைக்கு ஆள் வந்தார்களா என்று அவர்களே போய்ப் பார்க்க வேண்டும். அலுவலகத்துக்குப் போகிற ஒருத்தி, கட்டட வேலையில் அனா ஆவன்னா தெரியாதவள், ஒரே நாளில் கட்டுமான முதலாளி ஆகிவிடுகிறாள். படத்தின் முழு இறுக்கமும் அதில்தான் இருக்கிறது. 1988ல் சென்னைத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அது நடந்துகொண்டிருந்தது. பாலு மகேந்திராவும் அதனால்தான் அதைப் படத்துக்குள் விளக்கவில்லை. முப்பது வருடம் தள்ளி, கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் அந்த ஒரு துண்டு குறைகிறது.

நல்ல படத்துக்கு அறிமுகமே வேண்டாம், அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. பாதி சரிதான். எல்லாப் படமும் அது யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்களிடம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். அந்தக் கூட்டம் மாறும்போது, புதிய கூட்டத்துக்கு எது தெரியாது என்று கண்டுபிடிப்பதுதான் அறிமுகம் செய்கிறவனின் வேலை. இயக்குநர் எங்கே பிறந்தார் என்பது அந்த வேலைக்கு உதவவில்லை.

இதை நான் மண்டபத்தில் கண்டுபிடிக்கவில்லை, எங்கள் வீட்டுச் சோபாவில் கண்டுபிடித்தேன்.

நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது அப்பா ஒரு புதுத் தாமானில் வீடு பதிந்தார். அடித்தளம் போட்டு, தூண் எழுந்து, செங்கல் சுவர் பாதி வந்த நிலையில் வேலை நின்றது. நிறுவனத்தின் அலுவலகக் கதவில் பூட்டு. அதுவரை முடிந்த வேலைக்கு வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டிருந்ததால், இல்லாத வீட்டுக்கு அப்பா வட்டி கட்டினார். இருந்த வீட்டுக்கு வாடகையும் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போய், லாலான் புல் மண்டிய அந்த இடத்தில் எங்கள் லாட் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, இது ஹால், இது உன் ரூம் என்று காட்டுவார். துருப்பிடித்த கம்பிகள் தூணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். நான் சிவில் எடுத்ததற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் நாடகமாக இருக்கும். காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

வேலைக்குப் போன பிறகு ஒரு விடுமுறை நாளில் ‘வீடு’ படத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டேன். அப்பாவும் வந்து உட்கார்ந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர் சிமெண்டு மூட்டைகளைத் திருட்டுத்தனமாக விற்பது வெளியே வருகிற கட்டம். மங்கம்மா என்ற கட்டட வேலைக்காரப் பெண்தான் அதைச் சுதாவிடம் சொல்கிறாள். எனக்கு அந்த இடத்தில் எப்போதும் பொறியாளர் புத்தி முழித்துக்கொள்ளும். ஒரு கட்டடத்தில் களவாடி விற்க மிகத் தோதான பொருள் சிமெண்டுதான். மூட்டையாகக் கட்டி வருகிறது, எந்தக் கடையிலும் உடனே காசாகும். குறைந்தது உடனே கண்ணுக்கும் தெரியாது. ஒன்றுக்கு ஆறு மணல் கலக்க வேண்டிய சாந்தில் ஒன்றுக்குப் பத்து கலந்தாலும் சுவர் எழுந்து நிற்கத்தான் செய்யும். சில வாரம் கழித்து ஓர் ஆணியால் கீறிப் பார்த்தால்தான் மணலாக உதிரும். அதற்குள் பூச்சு பூசியிருப்பார்கள். இதையெல்லாம் அப்பாவிடம் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “இந்தப் பொண்ணாச்சும் மூட்டையை எண்ணிப் பாக்க முடியுதுய்யா.”

நான் வாயை மூடிக்கொண்டேன். அப்பா படத்தை எனக்கு நேர் எதிரான பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுதாவுக்குப் போய்க் கேட்க ஒரு கம்பெனி இல்லை. ஆனால் திருட்டு அவள் கண் எதிரே நடக்கிறது, திருடனுக்கு முகம் இருக்கிறது, அவனிடம் சண்டை போட முடிகிறது. அப்பாவுக்குக் கம்பெனி இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, வழக்கறிஞர் இருந்தார். எண்ணிப் பார்க்க ஒரு மூட்டைதான் இல்லை. வாங்குவதற்கும் கட்டுவதற்கும் உள்ள இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால், ‘வீடு’ நம் ஊர்க் கதையாகவும் ஆகிவிடுகிறது. பின்வரிசைப் பையனின் கேள்விக்குப் பதிலும் அதுதான்.

இரண்டாவது முறை தம்பிகள் கூப்பிட்டபோது இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். நன்றி, வருகையாளர் பெயர்கள், கைப்பேசியை அணைப்பது, அடுத்த வாரக் கூட்டம் இவை எல்லாவற்றையும் நெறியாளர் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். நான் பேசி முடித்த மறுநொடி விளக்கு அணைய வேண்டும். நடுவில் ஒரு நினைவுப்பரிசு வந்தால்கூட சொன்னது போய்விடும். கடைசி வாக்கியத்துக்கும் முதல் காட்சிக்கும் இடையில் ஒன்றும் இருக்கக் கூடாது.

பிறகு எழுத உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. கைப்பேசியில் பதிவு செய்து பார்த்தேன். சாதாரணமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு வார்த்தைக்கு மேலேயே போகிறேன். பெரிய மண்டபத்தில், மைக்கில், பின்வரிசைக்கும் கேட்கும்படி நிறுத்திப் பேசினால் தொண்ணூறைத் தாண்டவில்லை. அதனால் எண்பது வார்த்தை என்று வைத்துக்கொண்டேன். எண்பது வார்த்தை ரொம்பக் குறைவு. என் முதல் உரையில் பாலு மகேந்திரா பூனாவுக்குப் போவதற்குள்ளேயே பாதி முடிந்திருக்கும்.

எதை வெட்டுவது என்பதற்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன். இதைத் தெரிந்துகொண்டு படம் பார்க்கிறவர், தெரியாமல் பார்க்கிறவரைவிட ஒரு காட்சியையாவது வேறு மாதிரி புரிந்துகொள்வாரா? விருதுகள் அந்தக் கேள்வியிலேயே விழுந்தன. விருது வாங்கிய படம் என்று தெரிந்தால் மரியாதையாக உட்கார்ந்திருப்பார்கள், வேறு மாதிரி புரிந்துகொள்ள மாட்டார்கள். மகத்தான படைப்பு என்பதும் விழுந்தது. அது நான் அடைந்த முடிவு, அவர்கள் படம் பார்த்துவிட்டு அடைய வேண்டியது. முன்கூட்டியே கொடுத்தால், பிடிக்காதவர்கள் தங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள்.

வெட்டக் கஷ்டமாக இருந்தவை இரண்டு. ஒன்று சிமெண்டு. இந்தியாவில் அப்போது சிமெண்டு விலையிலும் விநியோகத்திலும் அரசாங்கக் கட்டுப்பாடு இருந்தது. 1982ல் ஓரளவு தளர்த்தி, 1989ல்தான் முழுமையாக நீக்கினார்கள். அதாவது படம் வந்த ஆண்டில் ஒரு பகுதி சிமெண்டுக்கு அரசு விலை, மீதிக்குச் சந்தை விலை. ஒரு மூட்டைக்காக இவ்வளவு சண்டை ஏன் என்பதற்கு இது நல்ல பின்னணி. எனக்கு மிகவும் பிடித்த தகவல். ஆனால் இதைச் சொல்லிப் புரியவைக்க நான்கு வாக்கியமாவது வேண்டும். படத்தில் மூட்டை திருடப்படும்போது சுதாவின் முகமே போதுமான அளவு சொல்லிவிடுகிறது. வெட்டினேன்.

இன்னொன்று, அந்த வீடு செட் இல்லை என்பது. படத்துக்காக உண்மையாகவே ஒரு வீட்டைக் கட்டி, அது எழ எழப் படம் பிடித்தார்கள். இதைக் கேட்டால் யாருக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் முன்னால் சொன்னால் என்ன ஆகும்? சுவர் எழும் காட்சி வரும்போதெல்லாம், ஓ இதைத்தான் நிஜமாகக் கட்டினார்களாம் என்று படக்குழுவை நினைப்பார்கள். சுதாவை நினைக்க மாட்டார்கள். படம் முடிந்து விளக்கு வந்த பிறகு இதே தகவலைச் சொன்னால், பார்த்த சுவர்களெல்லாம் ஒரு முறை திரும்பி வரும். அதனால் பின்னுரைக்கு எடுத்துவைத்தேன். முன்னால் சொல்லக் கூடாத நல்ல தகவல்கள் நிறைய உண்டு. தூக்கிப் போட வேண்டாம், இடம் மாற்றினால் போதும்.

படத்தின் முடிவு பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை. இங்கும் சொல்லப் போவதில்லை. ஆனால் முடிவைக் காட்டிக்கொடுக்க அதைச் சொல்லவே வேண்டியதில்லை. பின்னணியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தாலே போதும். அரசு அலுவலகங்களின் அலட்சியம் பற்றி முன்கூட்டியே அரை நிமிடம் பேசினால், கூர்மையான பையன் ஒருவன் கடைசிக் கால் மணி நேரத்தை ஊகித்துவிடுவான். அதனால் அனுமதி என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். அப்பாவின் வீட்டைப் பற்றியும் சொல்லவில்லை. சொன்னால் மண்டபம் உருகியிருக்கும். படம் முழுக்க என் அப்பாவைத் தேடியிருக்கும்.

மிஞ்சியது இதுதான். அன்றைக்கு மைக்கில் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“வணக்கம். இன்றைய படம் ‘வீடு’. 1988ல் வந்தது, சென்னையில் நடக்கிறது. நமக்கு வீடு என்றால் டெவலப்பரிடம் வாங்குவது. முன்பணம் கட்டுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சாவிக்குக் காத்திருக்கிறோம். அன்றைய சென்னையில் ஒரு சாதாரணக் குடும்பம் வீடு வேண்டுமென்றால் பெரும்பாலும் தானேதான் கட்ட வேண்டும். மனை, அரசாங்க அனுமதி, கடன், மேஸ்திரி, செங்கல், சிமெண்டு, எல்லாவற்றையும் அவர்களே தேட வேண்டும். வேலை நடுவில் நின்றால் போய்க் கேட்க ஒரு கம்பெனி கிடையாது. இந்தப் படத்தில் அதைச் செய்யப் போவது அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். கட்டட வேலை பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. படத்தில் பாட்டு இல்லை. பணம் கைமாறும் ஒவ்வொரு முறையும் யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.”

எழுபத்தொன்பது வார்த்தை. ஐம்பத்திரண்டு நொடி. ஆண்டையும் ஊரையும் ஒரே மூச்சில் சொன்னேன். அதற்கு மேல் அவற்றுக்கு வேலை இல்லை. நமக்கு என்று தொடங்கும் வாக்கியத்தில் ஒரு சின்னச் சலசலப்பு வந்தது. அவரவர் வீட்டுத் தாமான் ஞாபகம் வந்திருக்கும். பாட்டு இல்லை என்பதை எச்சரிக்கையாகத்தான் வைத்தேன். பாட்டுக்குக் காத்திருக்கும் பார்வையாளர் அரை மணி நேரத்தில் பொறுமை இழப்பார், காத்திருக்காதவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கடைசி வாக்கியம், இருட்டுக்குள் கையில் எடுத்துக்கொண்டு போக.

இந்த முறையும் சிலர் எழுந்து போனார்கள். எண்ணினேன், ஏழு பேர். டெவலப்பர் ஜோக் வரவில்லை. சொந்தமாகக் கட்டலாமே என்ற யோசனை வந்தபோது என் பக்கத்து வரிசையில் ஒரு பெண் “ஐயோ” என்றாள். அது போதும் எனக்கு. கட்டப்போவது அவள்தான் என்று தெரிந்தவர்கள் மட்டுமே அந்த இடத்தில் பயப்பட முடியும்.

படம் முடிந்து, நிஜமாகக் கட்டிய வீடு என்பதைச் சொல்லி, கேள்வி கேட்கச் சொன்னேன். மங்கம்மாவைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். தினக்கூலி வாங்கும் ஒருத்திக்கு முதலாளியைக் காட்டிக்கொடுக்கும் தைரியம் எங்கிருந்து வந்தது, அவளுக்கு அதனால் என்ன லாபம் என்று பேச்சு போனது. முதல் திரையிடலில் மங்கம்மா என்ற பெயரே யாருக்கும் நினைவில் இருந்திருக்காது.

கலைந்து போகும்போது முதலாமாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். “அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே யார் காசு குடுக்குறாங்க, யார் வாங்குறாங்கன்னே பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தத் தாத்தா கட்டி முடிக்காத வீட்டைப் பாக்கப் போவார்ல, அங்ககூட யாராச்சும் வந்து காசு கேப்பாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம்தான் இது அந்த மாதிரி சீன் இல்லன்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள பாதி போயிருச்சு.”

அந்தக் காட்சி படத்தின் உயிர். சொக்கலிங்க பாகவதர் என்ற பழைய நாடக மேடைக் கலைஞர் அந்தத் தாத்தாவாக நடித்திருக்கிறார். நடித்திருக்கிறார் என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. தள்ளாத வயதில் தனியாகக் கிளம்பிப் போய், பூசப்படாத சுவர்களுக்கு நடுவே நடக்கிறார். அங்கே பணம் இல்லை, பேரம் இல்லை, வசனமும் கிட்டத்தட்ட இல்லை. ஒரு மனிதரும் ஒரு முடியாத வீடும் மட்டும். நான் எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் லாலான் புல்லுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் நிற்கும். அந்தக் காட்சியின் பாதியை ஒருத்தியிடமிருந்து நான் பறித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உரையை மறுபடி படித்தேன். பிழை ஒரே சொல்லில் இருந்தது. மட்டும். கவனியுங்கள் என்று சொல்வது கையைப் பிடித்துக் காட்டுவது. இதை மட்டும் கவனியுங்கள் என்பது மற்ற பக்கத்துக் கண்ணைப் பொத்துவது. பொறியாளனுக்கு ஒரு படத்தைக் கொடுத்தால் அவன் அதிலிருந்து பொருள் பட்டியல்தான் எடுப்பான் போலிருக்கிறது. பின்வரிசைப் பையனுக்குப் பதில் சொல்லும் வேகத்தில், ‘வீடு’ என்ற படத்தைச் சிமெண்டுக் கணக்காக ஆக்கியிருந்தேன். அறிமுகம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு கனமாக அதன் ஒவ்வொரு சொல்லும் விழுகிறது. ஆறு நிமிட உரையில் ஒரு தப்பான சொல் யார் காதிலும் ஏறாது. ஐம்பத்திரண்டு நொடியில் ஏறிவிடும்.

கடைசி வாக்கியத்தை மாற்றினேன். இப்போது என் கோப்பில் இருப்பது: “பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பாருங்கள். அந்த வீட்டுத் தாத்தா ஒன்றும் பேசாதபோதும் அவரைப் பாருங்கள்.” இரண்டு வாக்கியமும் சேர்ந்து முதலில் இருந்ததைவிட இரண்டு வார்த்தை கூடுதல். நிமிடத்துக்குள் அடங்குகிறது. தாத்தா என்ன செய்யப் போகிறார் என்று சொல்லவில்லை. அவர் இருக்கிறார் என்று மட்டும் சொல்கிறது. இன்னும் மேடையில் சோதிக்கவில்லை. இதிலும் ஏதாவது மறைந்திருக்கலாம், அதையும் யாராவது ஒரு முதலாமாண்டு மாணவிதான் வந்து சொல்ல வேண்டும்.

போன மாதம் அதே சங்கத்துத் தம்பி ஒருவன் அழைத்தான். சிறிய நகரம் ஒன்றில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் ‘வீடு’ போடப் போகிறார்களாம். பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வெளியே வந்த குடும்பங்கள். “அண்ணே, உங்க அறிமுகத்தையே அனுப்புங்களேன், அப்படியே வாசிச்சிடுறோம்” என்றான்.

அனுப்பப் போனவன் நிறுத்திக்கொண்டேன். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. வேலை போன அன்றே வீட்டையும் காலி செய்ய வேண்டும். வெளியே வந்தவர்களில் எத்தனையோ பேர் புறம்போக்கில் பலகையும் தகரமும் வாங்கித் தங்கள் கையாலேயே வீடு கட்டியவர்கள். ஆணியை எண்ணி வாங்கியவர்கள். அவர்களிடம் போய், நமக்கு வீடு என்றால் டெவலப்பரிடம் வாங்குவது என்று தொடங்கினால் என்ன ஆகும்? இந்த முறை தப்பான கூட்டத்தின் முன் நிற்பவன் நானாக இருப்பேன். அவர்களுக்குக் கட்டுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலகம் போகிற சென்னைப் பெண்ணுக்கு அது ஏன் இவ்வளவு புதிதாக, பயமாக இருக்கிறது என்பதைத்தான் ஒருவேளை சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் வேண்டியிருக்குமா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

“அதை அனுப்பல தம்பி” என்றேன். “அங்க யார் யார் வருவாங்கன்னு ஒரு லிஸ்ட் மாதிரி சொல்லு. ரெண்டு பேருகிட்ட போன்ல பேசிட்டு எழுதித் தரேன்.”

“ஒரு நிமிஷ ஸ்பீச்சுக்கா அண்ணே?”

“ஆமா” என்றேன்.